மதகுக் கதவை நீர் எந்த இடத்தில் தள்ளுகிறது?

2024 ஆகஸ்ட் 10-ஆம் தேதி இரவு, கர்நாடகத்தின் ஹொசபேட்டை அருகே உள்ள துங்கபத்ரா அணையில் 19-ஆவது மதகின் சங்கிலி அறுந்தது. கதவு நீரோடு போய்விட்டது. அணை அப்போது ஏறக்குறைய நிரம்பியிருந்தது. இப்படி ஒரு மதகு பழுதாகும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: நூறு டிஎம்சி தண்ணீரின் அழுத்தத்தை ஒற்றை இரும்புக் கதவு எப்படித் தாங்கும்?

கேள்வியில் கவலை நியாயமானது, கணக்குதான் தவறு. அந்தக் கதவு நூறு டிஎம்சி நீரைத் தாங்கவில்லை. அது தாங்கியது தன் முன்னால் நின்ற இருபது அடி ஆழத்தை. அந்த ஆழம் கதவை மொத்தமாக எவ்வளவு விசையோடு தள்ளுகிறது, அந்தத் தள்ளலைக் கதவின் எந்த உயரத்தில் வைத்துக் கணக்கிட வேண்டும் என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால், மதகைப் பற்றிய குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும். இரண்டாவது கேள்வியில்தான் பொறியியல் மாணவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். அதனால் அதற்கே இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

நீரின் அளவு அல்ல, ஆழம்

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் கொண்ட தொட்டியில் நிற்கும் நீரின் எடை ஒரு டன். அந்தத் தொட்டியின் அடித்தளம் ஒரு சதுர மீட்டர் என்பதால், அதன்மேல் ஒரு டன் அழுத்துகிறது. நீரின் உயரத்தை இரண்டு மீட்டராக்கினால் இரண்டு டன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் இந்த விசைக்குத்தான் அழுத்தம் என்று பெயர். விசை என்பது மொத்தத் தள்ளல். அழுத்தம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு தள்ளல் என்ற விகிதம். இந்த இரண்டையும் பேச்சில் கலந்துவிடுவதால் பல குழப்பங்கள் வருகின்றன.

அசையாமல் நிற்கும் நீர் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. ஒரே ஆழத்தில் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் அழுத்தும். ஒரு சுவரோ கதவோ குறுக்கே நின்றால், அதன் பரப்புக்கு நேர் செங்குத்தாக அழுத்தும். ஆகவே நிமிர்ந்து நிற்கும் மதகுக் கதவை நீர் கிடைமட்டமாகத் தள்ளுகிறது. மேற்பரப்பில் தள்ளல் இல்லை. மூன்று மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு மூன்று டன், ஆறு மீட்டர் ஆழத்தில் ஆறு டன். கதவுக்குப் பின்னால் நீர்த்தேக்கம் பத்து மீட்டர் நீண்டிருக்கிறதா, பல கிலோமீட்டர் நீண்டிருக்கிறதா என்பது இந்தக் கணக்கில் நுழைவதே இல்லை. தூரத்தில் நிற்கும் நீரின் எடையை அங்கங்கே அடியில் இருக்கும் தரையே தாங்கிக்கொள்கிறது.

மேலே இருக்கும் காற்றும் நீரை அழுத்துகிறதே என்று சிலர் கேட்பார்கள். அழுத்துகிறது. ஆனால் கதவின் மறுபக்கத்திலும் அதே காற்று அதே அளவில் அழுத்துவதால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

இதுவரை பார்த்தது: அழுத்தம் ஆழத்தோடு ஒரே சீராகக் கூடும், கொள்ளளவோடு அதற்குத் தொடர்பில்லை, நேராக நிற்கும் கதவின் மேல் அது கிடைமட்டமாகத் தள்ளும்.

மொத்தத் தள்ளல் எவ்வளவு?

துங்கபத்ராவில் இப்படி 33 மதகுகள் உள்ளன. ஒவ்வொரு கதவும் 60 அடி அகலம், 20 அடி உயரம். அதாவது ஏறத்தாழ 18.3 மீட்டர் அகலமும் 6.1 மீட்டர் உயரமும். நீர் கதவின் மேல்விளிம்பு வரை நிற்கிறது, மறுபக்கம் வெறும் காற்று என்று வைத்துக்கொள்வோம்.

மேல்விளிம்பில் அழுத்தம் பூஜ்யம். அடிவிளிம்பில் சதுர மீட்டருக்கு 6.1 டன். இடையில் சீராகக் கூடுவதால், சராசரி அழுத்தம் இவற்றில் பாதி: 3.05 டன். இது கதவின் நட்டநடு உயரத்தில் இருக்கும் அழுத்தமும்கூட. கதவின் பரப்பு ஏறத்தாழ 111.6 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 340 டன் வருகிறது.

கதவு முழுவதும் பரவிக் கிடக்கும் எண்ணற்ற சிறு தள்ளல்களுக்குப் பதிலாக, அதே விளைவைத் தரக்கூடிய ஒற்றை விசையைத் தொகுபயன் விசை என்கிறோம். இங்கே அது 340 டன். செவ்வகக் கதவு மட்டுமல்ல, வட்டமோ முக்கோணமோ எந்தத் தட்டையான கதவானாலும் சூத்திரம் ஒன்றே:

F = w × m × A

w என்பது ஒரு கன மீட்டர் நீரின் எடை, அதாவது 1 டன். m என்பது நீர்மட்டத்திலிருந்து கதவுப் பரப்பின் வடிவ மையம் வரை உள்ள ஆழம். A என்பது நீர் படும் பரப்பு. வடிவ மையம் என்றால் அந்தப் பரப்பின் நடுப்புள்ளி. செவ்வகத்துக்கு அது பாதி உயரத்தில் இருக்கும்.

நீர்மட்டம் பாதியாக, பத்து அடிக்கு இறங்கினால் தள்ளலும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கால்பங்காகிவிடும். நீர் படும் பரப்பும் பாதி, சராசரி அழுத்தமும் பாதி. பாதியின் பாதி 85 டன். பழுதான மதகைச் சரிசெய்யும் முன் நீர்மட்டத்தைச் சில அடிகளாவது இறக்க முடியுமா என்று பொறியாளர்கள் பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதலில் இறங்கும் ஐந்து அடியிலேயே 340 டன் சுமார் 190 டன்னாகச் சுருங்கிவிடுகிறது.

தள்ளல் செயல்படும் உயரம்

இனி இரண்டாவது கேள்வி. மொத்த விசையைக் கண்டுபிடிக்க நடு உயரத்து அழுத்தத்தைப் பயன்படுத்தினோம். ஆகவே விசையும் நடு உயரத்தில்தான் செயல்படுகிறது என்று முடிவு கட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மொத்தம் எவ்வளவு என்பதும், அந்த மொத்தம் எந்த இடத்தில் செயல்படுகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

ஒரு நீண்ட மூங்கில் கம்பில் தேங்காய்க் குலைகளைக் கட்டி ஒரே ஆள் தோளில் தூக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் சிறிய குலை, அடுத்து கொஞ்சம் பெரியது, மறுமுனைக்குப் போகப் போக இன்னும் பெரியது. மொத்தச் சுமை எவ்வளவு என்று கேட்டால் எல்லாவற்றையும் கூட்டினால் போதும். ஆனால் கம்பின் நட்டநடுவில் தோளைக் கொடுத்தால் கனத்த முனை தரையில் இடிக்கும். கம்பு சாயாமல் நிற்க வேண்டுமானால், தோள் கனத்த பக்கமாக நகர வேண்டும். தோள் எந்த இடத்தில் இருந்தால் கம்பு நிலையாக நிற்குமோ, அந்த இடத்தில்தான் மொத்தச் சுமையும் செயல்படுவதாகக் கொள்ளலாம்.

இந்தக் கம்பை அப்படியே நிமிர்த்தி, சிறிய குலை இருக்கும் முனை மேலே வரும்படி வைத்தால் அதுதான் மதகுக் கதவு. குலைகளின் எடைக்குப் பதிலாக நீரின் தள்ளல். தோள் நிற்கும் இடத்துக்குப் பதிலாக அழுத்த மையம். அழுத்த மையம் என்பது தொகுபயன் விசை கதவைத் தொடும் புள்ளி. அந்தப் புள்ளி வழியாக விசையின் திசையில் வரையும் கோடு அதன் செயல்கோடு. நிமிர்ந்த கதவில் அது ஒரு கிடைக்கோடு.

தோள் எந்த இடம் என்பதை எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு விசையையும் ஒரு குறிப்பிட்ட கோட்டிலிருந்து அது செயல்படும் தொலைவால் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்கல் தொகையின் பெயர் திருப்புத்திறன். சிறு விசைகளின் திருப்புத்திறன்களைக் கூட்டினால் வருவதும், தொகுபயன் விசையின் திருப்புத்திறனும் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால்தான் அந்த ஒற்றை விசை உண்மையிலேயே மற்ற எல்லாவற்றுக்கும் ஈடானது.

சுருக்கமாக: மொத்த விசையைத் தருவது சராசரி அழுத்தம். செயல்கோட்டைத் தருவது திருப்புத்திறன்களின் கூட்டு. கீழே அழுத்தம் அதிகம் என்பதால் செயல்கோடு நடுவுக்குக் கீழே இறங்கும்.

ஐந்து பலகைகளில் ஒரு கணக்கு

எவ்வளவு இறங்கும் என்பதைப் பார்க்கத் துங்கபத்ராவே நல்ல உதாரணம் தருகிறது. கதவு போன இடத்தை அடைக்க, அதே ஆகஸ்ட் மாதத்தில் அங்கே தற்காலிகமாக இறக்கியவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இரும்புத் தடுப்புகள். 60 அடி நீளம், 4 அடி உயரம் கொண்ட ஐந்து தடுப்புகள் சேர்ந்து இருபது அடியை மூடின. இவற்றைப் பலகைகள் என்று அழைப்போம். நீர் நிரம்பி அசையாமல் நிற்கும்போது ஒவ்வொரு பலகையும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கலாம்.

மேல் பலகையின் நடு 2 அடி ஆழத்தில் இருக்கிறது. அடுத்தவை 6, 10, 14, 18 அடி ஆழங்களில். பரப்பு ஐந்துக்கும் ஒன்றே என்பதால், தள்ளல் இந்த ஆழங்களின் விகிதத்திலேயே இருக்கும்: 1, 3, 5, 7, 9. இவற்றின் கூட்டு 25 பங்கு. 340 டன்னை 25 ஆல் வகுத்தால் ஒரு பங்கு 13.6 டன். மேல் பலகை தாங்குவது வெறும் 13.6 டன், அடிப் பலகை தாங்குவது ஏறத்தாழ 122 டன். ஒரே அளவுள்ள இரண்டு பலகைகள், ஒன்றின்மேல் மற்றதைவிட ஒன்பது மடங்கு விசை. அடியில் உள்ள இரண்டு பலகைகள் மட்டும் மொத்தத் தள்ளலில் 64 விழுக்காட்டை ஏற்கின்றன.

இப்போது திருப்புத்திறன். நீர்மட்டத்திலிருந்து தொலைவை அளப்போம். ஒவ்வொரு பலகையின் பங்கையும் அதன் நடு ஆழத்தால் பெருக்கினால் 2, 18, 50, 98, 162 என்று வருகிறது. கூட்டினால் 330. அதை மொத்தப் பங்கான 25 ஆல் வகுத்தால் 13.2 அடி. கதவின் நடு 10 அடியில் இருக்க, செயல்கோடு மூன்று அடிக்கு மேல் கீழே இறங்கிவிட்டது.

ஆனால் சரியான விடை 13.2 அல்ல. நாம் ஒவ்வொரு பலகையின் விசையும் அதன் நடுவில் செயல்படுவதாக வைத்துக்கொண்டோம். பலகைக்குள்ளும் அடிப்பகுதியில் அழுத்தம் சற்று அதிகம்தானே? முழுக் கதவில் செய்யக்கூடாது என்று சொன்ன அதே தவறைச் சிறிய அளவில் ஐந்து முறை செய்திருக்கிறோம். கதவை ஓர் அடி உயரமுள்ள இருபது பட்டைகளாகப் பிரித்து இதே கணக்கைப் போட்டால் 13.325 அடி வரும். இன்னும் மெல்லிய பட்டைகளாக்கிக்கொண்டே போனால் விடை 13⅓ அடியில் போய் நிற்கும். அதாவது மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஆழம், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். நீர் மேல்விளிம்பு வரை நிற்கும் எந்தச் செவ்வகக் கதவுக்கும் இந்த விகிதம் மாறாது. நிமிர்ந்த சுவரின் மேல் நீரின் தள்ளலை ஃப்ளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்த பொறியாளர் சைமன் ஸ்டெவின், நுண்கணிதம் உருவாவதற்கு முன்பே, 1586-ல் வெளியிட்ட நூலில் இப்படிப் பட்டை பட்டையாகப் பிரித்துத்தான் கண்டார்.

ஆழத்தில் மூழ்கிய கதவு

மூன்றில் இரண்டு பங்கு என்ற விதியை மனப்பாடம் செய்தவர்கள் அடுத்து விழும் பள்ளம் இது. நீர்மட்டம் கதவின் மேல்விளிம்பைவிட உயரத்தில் இருந்தால் அந்த விதி பொருந்தாது. அடியில் கிடக்கும் நம் ஐந்தாவது பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்விளிம்பு 16 அடி ஆழத்தில், கீழ்விளிம்பு 20 அடி ஆழத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே அழுத்த வேறுபாடு அதிகம் இல்லை. ஆகவே அந்தப் பலகைக்குள் விசை கிட்டத்தட்ட சீராகப் பரவியிருக்கிறது. செயல்கோடு நடுவைவிட்டு அதிகம் விலகாது.

எவ்வளவு விலகும் என்பதற்கு, செவ்வகக் கதவுகளுக்கு எளிய சூத்திரம் உண்டு:

e = h² / (12 × m)

h என்பது கதவின் உயரம், m முன்பு சொன்ன வடிவ மையத்தின் ஆழம், e என்பது அந்த மையத்துக்குக் கீழே செயல்கோடு இறங்கும் தொலைவு. மேல் பலகைக்கு இது 16 / 24, அதாவது 8 அங்குலம். அடிப் பலகைக்கு 16 / 216, ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. பலகை அதே பலகைதான். ஆழம் கூடியதால் அழுத்த மையம் வடிவ மையத்தை நெருங்கிவிட்டது. ஏரியின் அடியில் இருக்கும் சிறிய மதகுக் கதவுகளில் நடுவே செயல்படுவதாகக் கொண்டாலும் பெரிய பிழை வராததற்கு இதுதான் காரணம். நீர்மட்டம் வரை எட்டும் பெரிய கதவுகளில் அதே பிழை மூன்று அடிக்கு மேல் போகிறது.

கணக்குப் போட்டபின் ஒரு சோதனை செய்யுங்கள். செயல்கோடு எப்போதும் நடுவுக்குக் கீழே, அடிவிளிம்புக்கு மேலே விழ வேண்டும். நீர் ஒரு பக்கம் மட்டும், மேல்விளிம்பு வரையோ அதற்கு மேலோ நிற்கும் செவ்வகக் கதவானால், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கீழே அது ஒருபோதும் போகாது. போனால் எங்கோ பிழை இருக்கிறது.

கதவின் முதுகில் தெரியும் இடைவெளிகள்

அணைக்குப் போகும்போது மதகுக் கதவின் நீர் இல்லாத பக்கத்தைக் கவனியுங்கள். மெல்லிய இரும்புத் தகட்டுக்குப் பின்னால் கிடையாக ஓடும் தடித்த இரும்பு உத்தரங்கள் இருக்கும், கர்டர் என்பார்கள். தகடு வாங்கும் தள்ளலை இருபுறத் தூண்களுக்கும் கொண்டுசேர்ப்பது அவைதான்.

நம் இருபது அடிக் கதவுக்கு மூன்று கர்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். கதவைச் சம உயரமுள்ள மூன்று பகுதிகளாக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கர்டர் வைத்தால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் விசை 1, 3, 5 என்ற விகிதத்தில் பிரியும். மேல் கர்டருக்குச் சுமார் 38 டன், நடுவில் 113, அடியில் 189. மூன்றையும் ஒரே அளவில் செய்தால் மேலே இரும்பு வீணாகும், அடியில் போதாமல் போகும். அடிக் கர்டர் அளவுக்கு மீறி வளைந்தால் முதலில் தெரியும் அடையாளம், கதவின் கீழ்ப்பகுதியில் ரப்பர் அடைப்பு சரியாகப் பதியாமல் நீர் பீறிடுவது.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு கர்டருக்கும் சம விசை வரும்படி கதவைப் பிரிக்கலாம். அதற்கு மேல்பகுதி உயரமாகவும் அடிப்பகுதி குட்டையாகவும் இருக்க வேண்டும். நம் கதவில் எல்லைகள் 11.5 அடியிலும் 16.3 அடியிலும் விழும். ஒவ்வொரு பகுதியின் அழுத்த மையத்திலும் ஒரு கர்டர் வைத்தால், அவை நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7.7, 14.1, 18.2 அடி ஆழங்களில் அமையும். ஒவ்வொன்றும் சுமார் 113 டன் தாங்கும். இப்படி வடிவமைத்த கதவுகளில் கீழே போகப் போகக் கர்டர்கள் நெருங்கி வருவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

சங்கிலி எதைத் தாங்குகிறது?

340 டன்னும் சங்கிலியில் தொங்குவதாக நினைத்துவிடக் கூடாது. நீரின் விசை கிடைமட்டமானது. அதைத் தாங்குவது கதவின் இருபுறமும் உள்ள தூண்கள். தூண்களில் வெட்டியிருக்கும் காடிகளில்தான் கதவின் ஓரங்கள் பதிந்து நிற்கின்றன. சங்கிலி மேல்நோக்கி இழுக்கிறது. அது சமாளிக்க வேண்டியவை முக்கியமாக இரண்டு: கதவின் சொந்த எடையும், கதவு நகரும்போது காடியில் எழும் உராய்வும்.

அந்த உராய்வு வழியாகத்தான் நீரின் விசை சங்கிலியை எட்டுகிறது. 340 டன் கதவைக் காடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும்போது, இரும்பின்மேல் இரும்பு உரசும்படி கதவை இழுப்பதாக இருந்தால், உராய்வு அந்த விசையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலே 110 டன்னைத் தாண்டிவிடும். பெரிய கதவுகளின் ஓரங்களில் சக்கரங்கள் பொருத்துவது இதற்காகத்தான். சக்கரங்கள் நன்றாக உருளும்வரை உராய்வு மிகச் சிறியது. துருவால் இறுகிவிட்டால், நீர்மட்டம் மாறாமலேயே சங்கிலியின் சுமை பல மடங்கு ஏறும். சக்கரங்களை வைக்கும் உயரங்களும் செயல்கோட்டைப் பார்த்தே முடிவாகின்றன. இல்லையென்றால் அடிச் சக்கரம் மட்டும் அதிகமாகத் தேயும்.

இரு பக்கமும் நீர், ஓடும் நீர்

காவிரி டெல்டாவில் உள்ளவை போன்ற நீரொழுங்கிகளில் கதவின் மறுபக்கமும் நீர் நிற்பது வழக்கம். அப்போது இரு பக்கங்களுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். நம் கதவின் மறுபக்கத்தில் பத்து அடி நீர் நிற்பதாகக் கொண்டால், 340 டன்னில் 85 டன் கழிந்து 255 டன் மிஞ்சும். செயல்கோட்டையும் இதேபோலத் திருப்புத்திறன்களைக் கழித்துத்தான் காண வேண்டும். அது அடியிலிருந்து 6.7 அடி உயரத்திலிருந்து 7.8 அடிக்கு ஏறிவிடும். மறுபக்க நீர் அடிப்பகுதியின் தள்ளலை ஈடுசெய்துவிடுவதே காரணம். நீர் மட்டங்களின் வேறுபாடான பத்து அடியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே கணக்காகப் போட்டால் 85 டன் என்று மிகத் தவறான விடை வரும்.

இவை எல்லாம் நிற்கும் நீருக்கானவை. கதவைச் சற்றுத் தூக்கியவுடன் அடியில் நீர் வேகமாகப் பாயத் தொடங்குகிறது. அந்த விளிம்பை ஒட்டி அழுத்தம் குறைகிறது. அதோடு, பாயும் நீர் விளிம்பின் வடிவத்தைப் பொறுத்துக் கதவைக் கீழ்நோக்கி இழுக்கவும் அதிரச்செய்யவும் கூடும். பாதி திறந்த கதவுக்கு மூன்றில் ஒரு பங்கு விதியைப் போட முடியாது; அதற்கு மாதிரி வைத்துச் சோதித்த அளவுகள் தேவை. மூடிய கதவுக்குப் போட்ட கணக்கு அந்தக் கதவின் தகட்டையும் கர்டர்களையும் முடிவுசெய்யும். அதைத் தூக்கும் இயந்திரத்தின் வலுவை முடிவுசெய்ய, கதவு அசையத் தொடங்கும் நொடியின் உராய்வையும் இந்த இழுப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.